இரு பெயர்க் குளிசை

2009ஆம் ஆண்டு மாரி தொடங்கிய ஓர் அதிகாலையில் என் பெரியம்மாவை மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மட்டக்களப்பில் பாதை என்றால் வீதி மட்டும் அன்று. வாவியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இழுத்துச் செல்லும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை படுவான்கரைக் கிராமங்களிலிருந்து எழுவான்கரைக்கு அவசரமாக வரவேண்டிய நோயாளி அந்தப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியம்மா வியர்வையில் நனைந்து, கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் கிடந்தார். கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

பக்கவாதம் என்றே எல்லோரும் எண்ணினோம். ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்ததும் விடயம் தெரிந்துவிட்டது. இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் கண்விழித்து, "என்ன மனே, என்னை எங்க கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஆயினும் அன்றும் மறுநாளும் அவரை வீட்டுக்கு விடவில்லை. அவர் விழுங்கியிருந்த மருந்து முதியவர்களின் உடலில் நீண்ட நேரம் தங்கி, மறுபடியும் சீனியைக் கீழே இழுக்கக்கூடியது என்று மருத்துவர் சொன்னார்.

அவருடைய மருந்துப் பையை எடுத்துவரச் சொன்னார்கள். பையில் இரண்டு விதமான குளிசைகள் இருந்தன. ஒன்று அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இலவசமாகத் தந்தது. சிறு கடதாசி உறைக்குள் வெள்ளைக் குளிசைகள், உறையின்மேல் பேனாவால் 'கிளிபென்கிளமைட் 5' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மற்றது தனியார் வைத்தியர் ஒருவர் எழுதிக்கொடுத்த துண்டுக்குப் பாமசியில் வாங்கியது. பளபளக்கும் பட்டையில் கவர்ச்சியான ஒரு பெயர். அந்தப் பெயருக்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் சிரமப்பட்டே வாசிக்கக்கூடிய எழுத்தில், அதே கிளிபென்கிளமைட், அதே 5 மில்லிகிராம். பெரியம்மா இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நம்பி, காலையும் மாலையும் இரண்டையுமே போட்டிருந்தார். ஒன்று "ஆஸ்பத்திரி மருந்து", மற்றது "நல்ல மருந்து". முதலாவதற்கு அவர் ஒரு சதமும் கொடுத்ததில்லை. இரண்டாவதற்காக மாதாமாதம் நெல் விற்ற காசில் எடுத்து வைத்திருந்தார்.

ஒரே மருந்துக்கு ஏன் இரண்டு பெயர், ஏன் இரண்டு விலை என்ற கேள்வி பத்திரிகைக்காரனாகிய எனக்கு அன்றுதான் சொந்தக் கேள்வியாயிற்று. அதன் பின்னால் போனபோது, எங்கள் ஊரிலிருந்து செங்கலடி வழியாகப் பதுளைக்குப் போகும் வீதி என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விட்டது. அந்த வீதியில் மகா ஓயாவைத் தாண்டிப் போனால் பிபிலை என்ற சிறு நகரம் வரும். இந்தக் கேள்வியை இலங்கை அரசின் கேள்வியாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே அந்த மண்ணைச் சேர்ந்தவர், 1920இல் பிறந்தவர். நான் பேராதனையில் கலைப்பீடத்தில் படித்த காலத்தில், அங்கே மருத்துவ பீடத்தை அவர் கட்டியெழுப்பிய கதையை மருத்துவ மாணவ நண்பர்கள் சொல்லக் கேட்டதுண்டு. அப்போது அது என் காதில் ஏறவில்லை.

பிபிலே மருந்தியல் பேராசிரியர். கொழும்பில் மருத்துவம் கற்று, எடின்பரோவில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இடதுசாரி, லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். ஆனால் அவர் செய்த முதல் வேலையில் அரசியல் வெளியே தெரியவில்லை. 1950களின் இறுதியில் அரச ஆஸ்பத்திரிகளுக்கான மருந்து விவரக் கையேடு ஒன்றைச் செம்மைப்படுத்தும் பணியில் அவர் முன்னின்றார். எந்த மருந்து தேவை, எது தேவையில்லை, ஒரே வேலையைச் செய்யும் பலவற்றில் எது போதும் என்று பிரித்து, தேவையானவற்றைப் பொதுப்பெயரில் பட்டியலிட்டது அந்தக் கையேடு. இன்றும் ஆஸ்பத்திரி உறையில் வணிகப் பெயர் இல்லாமல் பொதுப்பெயர் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு மருந்தின் உயிர் அதிலுள்ள வேதிப்பொருள். அதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு பெயரை உலக சுகாதார நிறுவனம் வழியாக ஒப்புக்கொள்கிறார்கள், அதுவே பொதுப்பெயர். அதே பொருளைச் செய்யும் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று ஒரு வணிகப் பெயரை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு நண்பர்கள் கடையில் "என்ன சால்ட்?" என்று கேட்பார்கள். கரைவதற்கும் கெடாமல் இருப்பதற்கும் வசதியாகப் பல மருந்துகளை ஓர் உப்பு வடிவில் செய்வதால் வந்த வழக்கு அது. பொருளின் பெயரோடு உப்பின் பெயர் வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும்: லொசார்ட்டன் பொட்டாசியம், மெட்போமின் ஹைட்ரோகுளோரைட், அம்லோடிபின் பெசிலேட்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து மருந்துத் துறை பற்றிய அறிக்கை ஒன்றை அரசிடம் தந்தார்கள். அதன் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. முதல் தலைவர் பிபிலே. தனியார் துறைக்கான மருந்து இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. தனியார் சந்தையில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த மருந்துகளின் எண்ணிக்கை சுமார் அறுநூறாகக் குறைக்கப்பட்டது.

கூட்டுத்தாபனம் செய்ததைச் சொன்னால் எளிதாகத்தான் தோன்றும். 'இந்தக் கம்பனியின் இந்தக் குளிசை இத்தனை பெட்டி' என்று வாங்குவதை விட்டுவிட்டு, 'இந்தப் பொதுப்பெயருள்ள மருந்து, இத்தனை மில்லிகிராம், இத்தனை இலட்சம் குளிசை, இந்தத் தரநூலின்படி' என்று உலகம் முழுவதற்கும் கேள்விப்பத்திரம் விட்டது. வணிகப் பெயரைக் குறித்துக் கேட்டால் விற்பதற்கு ஒருவரே உண்டு. பொதுப்பெயரைக் குறித்துக் கேட்டபோது போலந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும்கூட விலை வந்தது. இந்தியா 1970இல் இயற்றிய காப்புரிமைச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கான காப்புரிமையை நீக்கிவிட்டதால் அங்கே மருந்துத் தொழில் எழுந்துவந்த நேரம் அது. உள்ளூர் ஆலைகள் தங்கள் தாய்க் கம்பனியிடமிருந்து வாங்கிவந்த மூலப்பொருளுக்கும், அதே மூலப்பொருளுக்கு வேறிடத்தில் கேட்ட விலைக்கும் இடையே பத்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு சிலவற்றில் தெரியவந்தது. அவற்றுள் சீனி வருத்தத்துக்கான டொல்பியூட்டமைட்டும் குளோர்புரோபமைட்டும் இருந்தன. எங்கள் பெரியம்மா விழுங்கிய கிளிபென்கிளமைட்டின் மூத்த சகோதரர்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமருக்கே எழுதியது. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதிய ஆய்வு ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறது. வாந்திபேதி பரவியிருந்த காலத்தில், கூட்டுத்தாபனம் குறைந்த விலைக்கு வேறிடத்தில் வாங்கித் தந்த டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொழும்பிலிருந்த ஃபைசர் ஆலை கூடுகளில் அடைத்துத் தர இணங்கவில்லை. அதனால் அதிக செலவில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் மருந்தை வரவழைக்க நேர்ந்தது. ஆலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதர் தலையிட்டதாகவும், அத்தோடு பேச்சு அடங்கியதாகவும் அது சொல்கிறது.

பிபிலேயின் பக்கத்தில் குறையே இல்லை என்று நான் எழுதினால் அது வரலாறு ஆகாது. தட்டுப்பாடு இருந்தது. மலிவு விலையில் வந்தவற்றின் தரத்தைப் பற்றி வைத்தியர்கள் முறையிட்டார்கள். வருகின்ற ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கப் போதிய ஆய்வுக்கூட வசதி நாட்டில் இருக்கவில்லை. இந்தக் கடைசிக் குறையை எதிரிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். "மலிவு மருந்து மட்டமான மருந்து" என்ற பேச்சு அன்றைக்கு ஊன்றியது, இன்றைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரத்தோடு மருந்து இறக்குமதியும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அவருடைய கருத்துகள் வெளியே பரவிக்கொண்டிருந்தபோது, அவருடைய நாட்டில் கடை அலுமாரிகள் மீண்டும் வணிகப் பெயர்களால் நிரம்பின. கூட்டுத்தாபனம் மட்டும் சாகவில்லை. அரச ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் வேலையும், 'ஒசுசல' என்ற பெயரில் நடத்தும் பாமசிகளும் அதன் கையில் தொடர்ந்தன.

இனி விலைக்கு வருவோம். காப்புரிமை உள்ள மருந்தின் விலையை ஆராய்ச்சிச் செலவைக் காட்டி நியாயப்படுத்துவார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. காப்புரிமைக் காலம் 20 ஆண்டு. அது முடிந்ததும் யாரும் செய்யலாம். அவர்கள் கண்டுபிடிப்புச் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பாமசிகளில் இருக்கும் வணிகப் பெயர்களில் மிகப் பல கண்டுபிடித்த கம்பனியினுடையவை அல்ல. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற நாடுகளில் பழைய மருந்தைச் செய்து அதற்குப் புதுப் பெயர் சூட்டியவை. அவற்றுக்குள்ளேயே ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலையாக இருந்தால், அங்கே ஆராய்ச்சி என்ற விளக்கம் செல்லாது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி பெயரை நிலைநிறுத்துவதற்கான செலவு: வைத்தியர் அறைக்கு வெளியே தோல்பையுடன் காத்திருக்கும் மருந்துப் பிரதிநிதி, இலவச மாதிரிகள், மாநாடுகள், பளபளக்கும் பெட்டி. கேள்விப்பத்திரத்தில் ஒரு கோடி குளிசை விற்பவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதைக் கடைக்காரர்கள் வெளியே பேசமாட்டார்கள். இறக்குமதியாளரும் கடைக்காரரும் இலாபத்தை விலையின் சதவீதமாக எடுத்தால், விலை கூடிய பெயரை விற்பவருக்கே அதிகம் மிஞ்சும். 5 ரூபாய்க் குளிசையில் 20 சதவீதம் 1 ரூபாய்; 30 ரூபாய்க் குளிசையில் 6 ரூபாய். ஒரே மேசை, ஒரே கத்தரிக்கோல், ஒரே நேரம். மலிவானதை அவர் தானாக எடுத்து நீட்டவில்லை என்றால் அவரைக் கெட்டவர் என்று சொல்வதில் பயனில்லை.

இதனைக் கட்டுப்படுத்த நாட்டில் மறுபடியும் முயன்றார்கள். 2005இல் அமைச்சரவை தேசிய மருந்துக் கொள்கையை ஏற்றது. சட்டம் வரப் பத்து ஆண்டு சென்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உருவாயிற்று. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. வணிகப் பெயர் எதுவானாலும் அந்த மில்லிகிராமுக்கு இதற்கு மேல் விற்கக்கூடாது என்பது விதி. விலை கூடிய பெயர்கள் இறங்கின. உச்ச விலைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: அதற்குக் கீழே இருந்தவை அதை நோக்கி ஏறிக்கொள்ளும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது உச்ச விலைகளையே ஏற்ற வேண்டியதாயிற்று. மருந்துக்கான மூலப்பொருளைக்கூட வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் வேறு வழி இருக்கவில்லை.

பெரியம்மா வீடு திரும்பிய பின் நான் பழகிக்கொண்ட ஒப்பீட்டு முறையை இங்கே எழுதுகிறேன். விலைகள் அடிக்கடி மாறுவதால், கணக்குக்கு வசதியான எண்களைப் போட்டுக்கொள்கிறேன்; இவற்றை இன்றைய கடை விலை என்று கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பிரஷருக்கு லொசார்ட்டன் பொட்டாசியம் 50 மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். கடையில் மூன்று உண்டு. முதலாவது 10 குளிசைப் பட்டை 300 ரூபாய். இரண்டாவது 30 குளிசைப் பெட்டி 450 ரூபாய். மூன்றாவது 10 குளிசைப் பட்டை 120 ரூபாய்தான். முகத்தைப் பார்த்தால் மூன்றாவதே மலிவு, இரண்டாவதே அதிக விலை. மூன்றாவதைத் திருப்பிப் பாருங்கள்: 25 மில்லிகிராம். உங்கள் அளவுக்கு அதில் தினம் இரண்டு வேண்டும். ஆக முப்பது நாளைக்கு முதலாவது 900, இரண்டாவது 450, மூன்றாவது 720. பட்டையின் விலையை ஒப்பிடாமல், உங்கள் அளவுக்கு ஒரு மாதத்தின் விலையை ஒப்பிட வேண்டும்.

நான்காவதாக ஒன்றையும் கடைக்காரர் எடுத்து நீட்டலாம். அதே வணிகப் பெயர், ஆனால் கடைசியில் 'எச்' என்ற ஓர் எழுத்தோ 'பிளஸ்' என்ற சொல்லோ ஒட்டியிருக்கும். அதில் லொசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற, சிறுநீரைக் கூட்டும் இன்னொரு மருந்து சேர்ந்திருக்கும். அது வேறு மருந்து. விலையை ஒப்பிடும் பேச்சே அங்கு இல்லை. ஆகவே சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயர் வரியை முழுவதும், கடைசி எழுத்து வரை வாசிக்க வேண்டும். அந்த வரியில் எத்தனை பொருள் உண்டோ அத்தனையும், அவற்றின் மில்லிகிராமும் ஒத்துப்போக வேண்டும்.

குளிசையின் வகையும் ஒத்துப்போக வேண்டும். மெட்போமின் 500இல் சாதாரணக் குளிசையும் உண்டு, மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வெளிவரும் குளிசையும் உண்டு. இரண்டாவதில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் போன்ற எழுத்துகள் இருக்கும். சாதாரணத்தைத் தினம் இரண்டு மூன்று வேளை பிரித்துப் போடுவார்கள். மெதுவானதைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு வேளை. மெதுவானதை அரைத்தோ நொறுக்கியோ போட்டால் முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இரண்டின் விலையை வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பதில் மற்றதை நாமாக எடுக்கலாகாது.

உப்பின் வால் வேறானால் என்ன செய்வது? இதற்கு ஒற்றைப் பதில் இல்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால், அது உப்பை நீக்கிய மருந்தின் எடை. உள்ளே பெசிலேட் உப்பாக ஏறக்குறைய 6.9 மில்லிகிராம் இருக்கும். எனவே வேறொரு கம்பனி வேறு உப்பில் செய்தாலும் அம்லோடிபின் 5 என்பது 5தான். மெட்போமினில் வழக்கம் வேறு. 500 என்பது ஹைட்ரோகுளோரைட் உப்போடு சேர்த்த எடை. எல்லோரும் அவ்வாறே எழுதுவதால் குழப்பம் வருவதில்லை. டைக்ளோபினாக்கில்தான் கவனம் வேண்டும்: பொட்டாசிய உப்பு வேகமாகக் கரைந்து விரைவில் வலியைத் தணிக்கும், சோடிய உப்பைப் பெரும்பாலும் குடலில் கரையுமாறு உறையிட்டுச் செய்வார்கள். வால் வேறாக இருந்தால் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சரி, மில்லிகிராம் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றாக இருக்குமா? இதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒரு முறை மூல மருந்தையும் இன்னொரு முறை புதிய மருந்தையும் கொடுத்து, மணிக்கு மணி இரத்தம் எடுத்து, எவ்வளவு மருந்து எவ்வளவு வேகமாக இரத்தத்தில் சேர்ந்தது என்று பார்ப்பார்கள். இரண்டின் விகிதமும், அதைச் சுற்றியுள்ள புள்ளிவிவர ஐயவெளி முழுவதும், 80க்கும் 125க்கும் இடையில் அடங்கவேண்டும். இதைச் சிலர் "மலிவு மருந்தில் 20 சதவீதம் குறையலாம்" என்று பிழையாகச் சொல்கிறார்கள். ஐயவெளியும் உள்ளே அடங்கவேண்டும் என்பதால் உண்மை வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்க முடியும். அமெரிக்காவில் 12 ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்டவற்றின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவின் சராசரி வேறுபாடு ஏறக்குறைய 3.5 சதவீதமாகவே இருந்தது. ஆனால் அது அமெரிக்கக் கணக்கு. எங்கள் அலுமாரியில் உள்ள ஒவ்வொரு பெயரும் அந்தச் சோதனையைத் தாண்டி வந்தது என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஐயம் மலிவுப் பெயருக்கு மட்டும் உரியதும் அன்று. விலை கூடிய பெயர் தரமான சோதனையைத் தாண்டியது என்பதற்கு அதன் விலை சாட்சியாகாது.

சில மருந்துகளில் சிறு வேறுபாடே போதும், ஆளைச் சாய்த்துவிடும். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்பரின், வலிப்புக்கான பினிட்டோயினும் கார்பமசெப்பினும், தைரொயிட்டுக்கான லெவோதைரொக்சின், மனநோய்க்கான லித்தியம் ஆகியவை அந்த வகை. மலிவானதோ விலை கூடியதோ, இவற்றில் ஒரே கம்பனியில் நிலைத்திருப்பதே முறை. மாற்ற நேர்ந்தால் வைத்தியருக்குச் சொல்லி, தேவையான இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது அரைகுறையாகிவிடும்.

2023இல் அரச ஆஸ்பத்திரிகளுக்குப் போலியான இம்யூனோகுளோபுலின் குப்பிகள் வழங்கப்பட்ட விவகாரம் வெடித்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அதன்பின் எங்கள் பகுதியில் "இதனால்தான் ஆஸ்பத்திரி மருந்து வேண்டாம் என்கிறோம்" என்று பலர் என்னிடம் சொன்னார்கள். அங்கே குற்றச்சாட்டு பொதுப்பெயரைப் பற்றியது அன்று. பதிவு முறையைச் சுற்றிக்கொண்டு, பொய்யான ஆவணங்களோடு பொருள் உள்ளே வந்தது பற்றியது. போலி செய்பவன் பெயர் பெற்ற பட்டையையும் அச்சடிப்பான். உண்மையில் விலை கூடியதைப் போலி செய்வதில்தான் அவனுக்கு இலாபம் அதிகம்.

வீட்டில் நாம் கண்டறியக்கூடியது கொஞ்சம்தான். குளிசை தொட்டால் பொடியாகிறதா, நிறம் திட்டுத்திட்டாக மாறியிருக்கிறதா, பட்டையில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உண்டா என்று பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் காசுக்கு ஏற்றபடி நாலு குளிசை, ஆறு குளிசை என்று பட்டையைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கம். திகதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடும். பொதுப்பெயர் வரி பாதியாய் அறுந்து வரும். முழுப் பட்டை வாங்க வசதியில்லாதவர், கடைக்காரரிடம் பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் திகதியையும் உறையில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வைத்தியரும் துண்டில் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்பதே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணம். எழுதாவிட்டால், "ஐயா, இதன் பொதுப்பெயரையும் கீழே எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். நான் கேட்டபோது ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் எழுதித் தந்தார்கள்.

பெரியம்மாவின் பையில் அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. என் தங்கை அதில் பொதுப்பெயரை மட்டும் தமிழில் பெரிதாக எழுதி, எதிரே எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று குறித்துக் கொடுத்திருந்தாள். எங்கிருந்து புதுக் குளிசை வந்தாலும் அந்தக் கொப்பியில் அதே பெயர் முன்பே இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வாய்க்குப் போகும். கிளிபென்கிளமைட்டை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். அவருடைய வயதுக்கு அது ஏற்றதல்ல என்றார்கள். மெட்போமின் மட்டும் தொடர்ந்தது. அதைக் கிளினிக்கிலேயே இலவசமாக எடுத்தார். "இதுவும் அதுவும் ஒண்டுதானே மனே?" என்று ஒவ்வொரு மாதமும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உறையைப் பிரிப்பார்.